கார்டிடம் சொல்லிவிட்டு ஏறிய பெரியம்மா

கண்ணுகளா, சுந்தரி, மணி, இரண்டு பேரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் அப்பன் எட்டாம் வகுப்போடு நின்றவன். கோர்வையாகச் சொல்லத் தெரியாது. நடுவில் வேறு எங்கேயாவது போய்விட்டாலும் திரும்பி வந்துவிடுவேன்.

இந்த வாரம் என் கண் முன்னால் நிற்பது ஒரு பிளாட்பாரம். கொழும்பில் வெள்ளவத்தை ஸ்டேஷன். ஒரு பக்கம் வீடுகள், மறு பக்கம் கடல். கடல் என்றால் எங்கோ தூரத்தில் இல்லை. அலை பெரிதாக வந்தால் தண்டவாளத்துக் கருங்கல்லில் உப்புத் தண்ணீர் தெறிக்கும். முற்பகல் வெயில். வண்டி வந்து நிற்கிறது. கூட்டம் முழுக்க எதிரே உள்ள பெட்டிகளில் முண்டியடித்து ஏறுகிறது. ஒரே ஒரு கிழவி மட்டும் இடுப்பில் பித்தளைப் போசிப் பாத்திரத்தை அணைத்துக்கொண்டு வண்டியின் வால் பக்கம் நடக்கிறாள். கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியும் விசிலுமாக நிற்கும் கார்டைப் பார்த்து அண்ணாந்து சொல்கிறாள்:

"கார்டய்யா, மருதானையில எறங்கணும். ஆஸ்பத்திரிக்கு. மறந்துடாதீங்க."

அதுதான் திம்மக்கா பெரியம்மா. என் அம்மாவுக்கு மூத்தவள். ஓசூர்ப் பக்கத்து உத்தனப்பள்ளிக்காரி, பாதிப் பேச்சு தெலுங்கு.

எப்படி அங்கே போனோம்

அப்போது நான் கல்யாணமாகாத பையன். கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. பெரியம்மாவின் மகள் நாகு அக்கா வெள்ளவத்தையில் குடியிருந்தாள். அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுவேன், துறைமுகத்தில் கணக்கெழுதும் வேலையில் இருந்தார். அவர்கள் வீட்டு முன்னறையில் எனக்கு ஒரு பாய் போட இடம்.

அக்கா ஏழு மாதக் கர்ப்பம். எது சாப்பிட்டாலும் வெளியே வந்துவிடும். கால் வீங்கி, தலை சுற்றி, ஒரு நாள் சமையலறையிலேயே விழுந்தாள். டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டார். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதில்லை என்றும் சொன்னார்.

மாமா ஊருக்குக் கடிதம் போட்டார். மூன்று மாதம் தங்க அனுமதிச் சீட்டு வாங்கி, கொழும்புக்கு வந்த ஒரு தெரிந்த குடும்பத்தோடு பெரியம்மா புறப்பட்டுவிட்டாள். தனுஷ்கோடியில் கப்பலைப் பார்த்ததும், "ஏமிரா இது, இந்த வண்டிக்குத் தண்டவாளம் எங்க?" என்று கேட்டாளாம். கூட வந்தவர்கள் கொழும்பு வந்து சேரும் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும் என்றுதான் கேட்டேன் என்றாள் பெரியம்மா. கடலைப் பார்த்து, கூட வந்த குழந்தைகள் பயந்து அழுதனவாம்.

வந்த மறுநாளே மகளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"கிருஷ்ணா, இவளுக்கு வேண்டியது ராகி அம்பலி, நம்ம கூழு. பச்சக் கொழந்தையில இருந்து அதுதான் இவ வயித்துல நிக்கும். இந்த ஊர்ல ராகி கெடைக்குமா?"

கிடைத்தது. அங்கே அதற்குக் குரக்கன் என்று பெயர். புறக்கோட்டையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பெரியம்மா ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்து, "பேரு மாறினா என்ன, நம்ம ஊட்டுப் புள்ளதான்" என்றாள்.

முதல் நாள் அம்பலி அக்காவின் வயிற்றில் தங்கியது. இரண்டாம் நாளும் தங்கியது. டாக்டரே நின்று பார்த்து, தினமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

சிக்கல் இங்கேதான். வெளிச் சாப்பாடு உள்ளே போக மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கேட் திறப்பார்கள், பன்னிரண்டரைக்கு மூடிவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் மாமா விடுப்பு எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்கு மேல் அந்த நேரத்தில் அவருக்கும் விடுப்பு இல்லை, எனக்கும் இல்லை. ஆஸ்பத்திரி மருதானை ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேர நடை. பெரியம்மா தனியாக ரயிலில் போய்த்தான் ஆக வேண்டும். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

எங்கள் ஊர்ச் சின்ன வண்டி

நம் ஓசூருக்கு அந்தக் காலத்தில் ஒரு சின்ன ரயில் இருந்தது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து ராயக்கோட்டை வழியாக வரும். தண்டவாளமும் சின்னது, பெட்டியும் சின்னது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அதை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் சொல்லும் வருஷங்களில் அந்தத் தடத்தில் ஆடுதான் மேய்ந்தது.

பெரியம்மாவுக்குத் தெரிந்த ரயில் அது ஒன்றுதான். ஒரே தடம். காலையில் போன வண்டிதான் திரும்பி வரும். தயிர்ப்பானை கொண்டுபோகும் பெண்கள் கார்டு பெட்டியில் பானையை வைத்துவிட்டு, எங்கே இறங்க வேண்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டு ஏறுவார்கள். அவர் அந்தந்த இடத்தில் கூப்பிட்டு இறக்கிவிடுவார். சானமாவுக் காட்டுப் பக்கம் தடத்தில் யானை நின்றால், அது போகும் வரை வண்டியும் நிற்கும். இதெல்லாம் பெரியம்மா சொன்னது. நான் ஒன்றிரண்டு தடவைதான் அதில் ஏறியிருக்கிறேன்.

ஆகவே கொழும்பு வந்ததும், ரயில் என்றால் கார்டிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறுவது என்று அவள் நினைத்தாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை என்று நினைத்தாள்.

நான் நடத்திய பாடம்

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். பெரிய வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

வெள்ளவத்தையில் இரண்டு தடம், இரண்டு பிளாட்பாரம். கடல் பக்கத்துப் பிளாட்பாரத்தில் வருவது கோட்டைக்கும் மருதானைக்கும் போகும் வண்டி. வீட்டுப் பக்கம் வருவது தெற்கே போகும் வண்டி. மாறி ஏறினால் கல்கிசைப் பக்கம் போய்விடும்.

"அப்ப போற வண்டி வேற, வர்ற வண்டி வேறயா?" என்றாள்.

"ஆமாம் பெரியம்மா."

"ஒண்ணு போயிட்டு வர்றதுக்குள்ள இன்னொண்ணு வந்துடுது. பணக்கார ஊருதான்."

கைகாட்டி மரத்தைக் காட்டினேன். கை நேராக நீட்டியிருந்தால் வண்டிக்கு வழியில்லை. கை தாழ்ந்தால் வண்டி வரப்போகிறது. இதை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் மணிச் சத்தத்துக்கு முன்னாலேயே, "கை எறங்கிருச்சு, எந்திரிடா" என்று என்னை எழுப்புவாள்.

டிக்கெட்டில்தான் சண்டை வந்தது. போகவும் வரவும் சேர்த்து ஒரே அட்டை டிக்கெட். ஏறும்போது கேட்டில் ஓர் ஓரத்தில் வெட்டுப் போடுவார்கள். மருதானையில் வெளியே போகும்போது டிக்கெட் கலெக்டர் அதைப் பாதியாகக் கிழித்து, போன பாதியை எடுத்துக்கொண்டு, வரும் பாதியைத் தருவார். முதல் நாள் பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுசா வாங்கினதை எதுக்குய்யா கிழிக்கற? நான் எப்படித் திரும்பிப் போறது?"

அவருக்கு அவள் பேச்சுப் புரியவில்லை. பின்னால் ஒரு வரிசையே நின்றது. நான் விளக்கிச் சொன்ன பிறகு, கையில் இருந்த பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து சொன்னாள்: "பாதியக் குடுத்துட்டுப் பாதிய வெச்சுக்கிறது நல்ல ஏற்பாடுதான். வெள்ளவத்தையிலயே சொல்லியிருந்தா நான் ஏன் அந்தாளு கையைப் புடிக்கறேன்?"

எனக்கு வந்த வெட்கம்

மூன்றாம் வாரத்திலிருந்து தனியாகப் போனாள். தினமும் கார்டிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். போசியையும் அவர் பெட்டியில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, அதற்கு அடுத்த பெட்டியில் உட்காருவாள். நாலைந்து கார்டுகள் மாறி மாறி வருவார்கள். அதில் கட்டை மீசை வைத்த ஒரு பருமனான சிங்களவர் கொச்சைத் தமிழ் பேசுவார். அவளைக் கண்டதும், "ஆச்சி, மருதானை. தெரியும், தெரியும்" என்பார்.

இது எப்படியோ எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது. கடையில் உடன் வேலை செய்த ஒருவன், "உங்க பெரியம்மா ரயிலுக்கே வழி சொல்றாங்களாமே! நாளைக்கு டிரைவரை ஓரமா உக்காரச் சொல்லிட்டு அவங்களே ஓட்டிருவாங்க போல" என்றான். கடையே சிரித்தது. எனக்குக் காது மடல் சுட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட்டேன்.

"பெரியம்மா, இனிமே கார்டுகிட்டப் போகாதீங்க. இங்க யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. வண்டி அதுபாட்டுக்கு எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும். நீங்க எண்ணிக்கிட்டே வாங்க. அஞ்சாவது ஸ்டேஷன் மருதானை. அவ்வளவுதான்."

"சொன்னா என்னடா தப்பு? அந்தாளு கோவிச்சுக்கலையே."

"எல்லாரும் சிரிக்கிறாங்க."

பெரியம்மா போசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "சரி விடு. உன்னப் பாத்துச் சிரிச்சா எனக்கும் புடிக்காது" என்றாள்.

மறுநாளிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். அம்பலிக்குக் கடித்துக்கொள்ள எடுத்துப்போகும் சின்ன வெங்காயம் ஐந்தை இடது கையில் வைத்துக்கொள்வாள். பம்பலப்பிட்டியில் ஒன்றை வலது கைக்கு மாற்றுவாள். கொள்ளுப்பிட்டியில் ஒன்று. அதைத் தாண்டினால் கடல் போய், ஏரி வரும். கொம்பனித்தெருவில் ஒன்று. கோட்டையில் ஒன்று. ஐந்தாவது வெங்காயம் மாறினால் இறங்க வேண்டும். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில்தான் எண்ணுவாள். ஒரு வாரம் பிசகாமல் நடந்தது. நான் பெருமையாகக் கடையில் சொல்லிக்கொண்டேன்.

கோட்டை ஸ்டேஷனில்

ஒரு நாள் மதியத்துக்குச் சற்று முன்னால், முதலாளி என்னைக் கோட்டை ஸ்டேஷனுக்கு அனுப்பினார். வந்திறங்கிய துணி மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். கோட்டை பெரிய ஸ்டேஷன். வரிசையாகப் பிளாட்பாரங்கள், மேலே பாலம், எங்கே பார்த்தாலும் நிலக்கரிப் புகை. நான் ஒரு கோடியில் மூட்டையோடு நிற்கிறேன். நாலைந்து தடம் தள்ளி, தெற்கிலிருந்து ஒரு வண்டி தாமதமாக வந்து நிற்கிறது. அதிலிருந்து பித்தளைப் போசியோடு பெரியம்மா இறங்குகிறாள்.

இங்கே ஏன் இறங்குகிறாள்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பெரியம்மா! ஏறுங்க! இது மருதானை இல்ல!" என்று கத்தினேன். நடுவில் ஓர் இன்ஜின் ஆவியை விட்டது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கார்டு விசில் ஊதினார். பச்சைக் கொடி அசைந்தது. இன்ஜின் பதிலுக்குக் கூவியது. வண்டி நகர்ந்து, கடைசிப் பெட்டி பெரியம்மாவைத் தாண்டியது. அதில் நின்றவர் அந்தக் கட்டை மீசைக்காரர். அவளைக் கண்டதும் பதறி, வெளியே சாய்ந்து, வண்டி போகும் திசையைக் கையால் திரும்பத் திரும்பக் காட்டினார். வண்டி போய்விட்டது.

ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரிக் கேட் மூடிவிடும். முந்தின இரண்டு நாளாக அக்காவுக்கு மறுபடி வாந்தி. அன்றைக்குப் போசி போய்ச் சேராவிட்டால் அவள் வெறும் வயிற்றோடுதான் கிடப்பாள்.

தள்ளுவண்டிக்காரரிடம் மூட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாலத்தை நோக்கி ஓடினேன். ஓடும்போதே பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை, யாரையும் பிடித்துக் கேட்கவும் இல்லை. போசியை இடுப்பு மாற்றிக்கொண்டாள். போன வண்டியின் திசையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சந்தையில் மாடு பார்ப்பதுபோல ஸ்டேஷனில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தலையையும் வாலையும் பார்த்தாள். ஒன்றை வேண்டாம் என்று விட்டாள். அப்புறம் மளமளவென்று பாலம் ஏறி, இரண்டு பிளாட்பாரம் தள்ளி இறங்கி, அங்கே நின்ற வண்டியின் வால் பக்கம் நடந்தாள். அங்கிருந்த கார்டு அவளுக்குப் புதியவர், கண்ணாடி போட்டவர். அவரிடம் அண்ணாந்து ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டி, தன் பக்கத்துப் பெட்டியைக் காட்டினார்.

நான் பாலத்திலிருந்து இறங்குவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னலில் பெரியம்மா. என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏண்டா இப்படி ஓடியாற? கடையில ஆள் இல்லையா? போய் வேலையப் பாரு!"

வண்டி மருதானைப் பக்கம்தான் போனது. மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அவள் கண்டுபிடித்தது

சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். பெரியம்மா போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கேட் மூடறதுக்குள்ள போனீங்களா?"

"காவக்காரன் கதவுல கையை வெச்சுட்டான். அய்யா, கொஞ்சம் இருங்கன்னு ஓடினேன். போசியப் பாத்துட்டு நின்னான். ஒரு சொம்பு குடிச்சா உங்கக்கா. ரெண்டு வெங்காயம் கடிச்சா. நான் எந்திரிக்கற வரைக்கும் வாந்தி இல்ல."

"எதுக்குக் கோட்டையில எறங்கினீங்க?"

"நீதானே எண்ணச் சொன்ன? ஏரிகிட்ட வண்டி நின்னுருச்சு. ரொம்ப நேரம். ஒரு வெங்காயத்த மாத்திட்டேன். பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, தடத்துல யானையான்னு கேட்டேன். அவங்க என்னையே பாத்துட்டு இருந்தாங்க."

விஷயம் புரிந்தது. கோட்டைக்குள் பிளாட்பாரம் காலி இல்லாமல் கைகாட்டி இறங்கவில்லை. வண்டி வெளியே காத்து நின்றிருக்கிறது. அதையும் ஒரு ஸ்டேஷனாக எண்ணி, கோட்டையில் ஐந்தாவது வெங்காயத்தை மாற்றி இறங்கிவிட்டாள். எண்ணச் சொன்ன நான், வண்டி ஸ்டேஷன் இல்லாத இடத்திலும் நிற்கும் என்று சொல்லவே இல்லை.

"சரி, அத்தனை வண்டியில மருதானை வண்டி எதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மீசைக்காரர் கையக் காட்டினாரே, மருதானை அந்தப் பக்கம். கார்டு எப்பவும் வால்ல இருப்பாரு. அவரு எந்தப் பக்கம் நிக்கறாரோ, அதுக்கு எதிர்ப்பக்கம்தான் வண்டி போகும். கார்டு கடல் பக்கம் நின்னா வண்டி மருதானைக்கு. மருதானைப் பக்கம் நின்னா நம்ம வீட்டுக்கு. இதுல என்ன இருக்கு?"

"இன்ஜினைப் பாத்தாலே தெரியுமே?"

"இன்ஜின் ஏமாத்தும்டா. வந்தது ஒரு பக்கம் கழட்டாம நிக்கும், போறது மறுபக்கம் வந்து மாட்டும். ரெண்டு பக்கமும் இன்ஜின் இருந்தா எதை நம்பறது? கார்டு தன் கொடி, வெளக்குப் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து உக்காந்துட்டாருன்னா அது வால்தான்."

மாமா செய்தித்தாளைக் கீழே வைத்தார். பத்து வருஷமாக அந்த ரயிலில் போகிறவர். "இது எனக்கே தோணலையே அத்தே" என்றார். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னார்: தென்கரையைத் தவிர, கோட்டையிலிருந்து புறப்படும் எந்த வண்டியும் மருதானையைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு தடமே இல்லை. பெரியம்மா கணக்குச் சரி.

"தாண்டிப் போகும், ஆனா நிக்குமா?" என்றேன் நான், விடாமல்.

"அதுக்குத்தானேடா கார்டுகிட்டச் சொல்றது!"

மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. கடையில் இருந்தவர்கள் சிரிப்புக்குப் பயந்து, நாகு அக்காவின் சாப்பாட்டையே நான் வழியில் நிறுத்தப் பார்த்திருக்கிறேன்.

"நாளைக்கு வால் பக்கமே ஏறுங்க பெரியம்மா" என்றேன்.

"நீ சொல்லலைன்னாலும் ஏறத்தான் போறேன்."

பிறகு

அடுத்த மாதம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். தீபாவளிக்கு வரும்போதெல்லாம் உங்களுக்கு டாபி கொண்டுவருகிறாளே, கமலா, அவள்தான் அது. குழந்தை பிறந்த வாரம் பெரியம்மா கற்கண்டுப் பொட்டலத்தோடு போய் நாலைந்து கார்டுகளுக்கும் கொடுத்திருக்கிறாள். எந்த நாள் யார் வருவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மாமா கேட்டதற்கு, "இவங்க சேந்து சொமந்த கொழந்தைதானே?" என்றாள்.

அனுமதிச் சீட்டின் மூன்று மாதம் முடிந்தது. ஒரு சாயங்காலம் கோட்டையில் அவளைத் தலைமன்னார் வண்டியில் ஏற்றிவிட்டோம். ஊருக்குப் போகும் குடும்பம் ஒன்று கூட இருந்தது. இருந்தாலும் வால் வரைக்கும் நடந்து, கார்டிடம் கப்பலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மாமா ஆஸ்பத்திரியில் வாங்க வேண்டிய மருந்துக்காக அப்படியே போய்விட்டார். நான் தனியாக வெள்ளவத்தைக்குத் திரும்ப வேண்டும்.

பிளாட்பாரத்தில் தெற்கே போகும் வண்டி நின்றது. நான் எப்போதும் ஏறும் பெட்டி எதிரேயே இருந்தது. இடமும் இருந்தது. கடையில் வேலை செய்கிறவன் எவனாவது நிற்கிறானா என்று சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. இருந்தாலும் போயிருப்பேன் என்றுதான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

வால் பக்கம் நடந்தேன். கடைசிப் பெட்டியில் கட்டை மீசைக்காரர் கொடியைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு என்னைத் தெரியாது.

"ஐயா, வெள்ளவத்தையில எறங்கணும்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அரும்பு மீசை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. பிறகு, அப்படிச் சொல்லிவிட்டு ஏறும் ஒரே ஆள் நினைவுக்கு வந்ததுபோல, பிளாட்பாரத்தைக் காட்டி, "ஆச்சி?" என்றார்.

"ஊருக்குப் போயிட்டாங்க."

தலையை மெதுவாக ஆட்டினார். அடுத்த பெட்டியைக் கையால் காட்டினார். நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விசில் ஊதினார்.